“மாசம் தவறாம ஏதாவது வரணும், அக்கா”

ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து 31 வயதுத் தங்கை ஒருத்தி கேட்டவை இவை. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டியவர். மூன்று மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். மூத்தவள் ஒன்றாம் வகுப்பு, சின்னவனுக்கு இரண்டரை வயது. மாமியாரும் கூடவே இருக்கிறார். மகளிர் குழுவில் இருபது வருடமாகக் கணக்கு எழுதி வருகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, பிள்ளைகளை விட்டுட்டு வெளியே வேலைக்குப் போக முடியாது. வீட்டில் இருந்தே என்ன தொழில் செய்யலாம்?

பதில்: தொழிலை அப்புறம் பேசுவோம் தங்கச்சி. முதலில் அவருடைய பேங்க் பாஸ் புத்தகத்தை எடு. மே, ஜூன் மாத வரவு செலவைப் பார். 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்தால் அது பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம் ரூபாய் நாமினிக்கு வரும். மாரடைப்பும் அதில் சேரும். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, உனக்குப் பொருந்தாது. பாஸ் புத்தகத்தில் பதிவு போடாமல் கிடந்தால் பேங்கில் கொடுத்துப் போட்டு வாங்கு. நிறைய வீட்டில் இந்தப் பணம் இருக்கிறது என்றே தெரியாமல் போய்விடுகிறது. இன்னும் கேட்கவில்லை என்றால் இந்த வாரமே போய்க் கேள், தள்ளிப் போடாதே.

அப்புறம் அவர் பழைய மணிபர்ஸ், ஆட்டோ டேஷ்போர்டு, டிரங்குப் பெட்டி எல்லாம் தேடு. ஓட்டுநர்கள் நல வாரிய அட்டை இருக்கலாம். இருந்தால் இறப்பு உதவித் தொகை உண்டு, தொழிலாளர் நல அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆட்டோ ஓட்டுவதற்கு முன்னால் எந்தக் கம்பெனியிலாவது பி.எஃப். பிடித்தார்களா என்றும் அவர் கூட்டாளிகளிடம் விசாரி.

கேள்வி: விதவை பென்ஷனுக்கு எழுதிப் போடச் சொல்கிறார்கள். அந்தப் பேரில் பணம் வாங்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சம் புரிகிறது. ஆனால் மாதம் 1,200 ரூபாய் என்பது உன் வீட்டு அரிசியும் பருப்பும். அதை விட்டுக்கொடுக்க உனக்கு வசதி இல்லை.

வரிசை தெரிந்தால் அலைச்சல் பாதி குறையும். முதலில் இறப்புச் சான்றிதழ், பத்து நகலாவது எடுத்து வை. அடுத்து வாரிசு சான்றிதழ், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரணைக்கு வருவார்கள். இவை கையில் வந்தபின் ரேஷன் கார்டில் அவர் பெயரை எடுக்க வேண்டும். பிறகு ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு மனு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்தில் 18 முதல் 59 வயதுக்குள் சம்பாதிக்கிற ஆள் இறந்தால் ஒரே தடவையாக 20,000 ரூபாய் கிடைக்கும் திட்டமும் உண்டு. தாலுகா ஆபீசுக்குப் போகும்போது அதையும் சேர்த்தே கேள். இல்லாவிட்டால் இரண்டாவது தடவை நடக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் இடம் சொல்வார்கள். தகப்பன் இல்லாத பிள்ளைகளைத் தாயே வளர்ப்பதற்கு, மிஷன் வாத்சல்யா என்ற திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை கொடுக்கிறார்கள். கிராமப்புறக் குடும்பம் என்றால் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. விண்ணப்பித்த எல்லோருக்கும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கடைசி வரை வரும் என்று நம்பி உட்காராதே. ஆனால் மனு கொடுக்காமல் இருந்துவிடாதே.

கேள்வி: ஆட்டோ கடன் பாக்கி இருக்கிறது. ஃபைனான்ஸ்காரர்கள் வந்து “நீங்கதான் கட்டணும், கையெழுத்துப் போடுங்க” என்கிறார்கள்.

பதில்: எந்தப் புதுப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே. கடன் எடுத்தபோது நீ சேர்ந்து வாங்கியவளாகவோ ஜாமீனாகவோ கையெழுத்துப் போட்டிருந்தாயா? அதை முதலில் தெரிந்துகொள். போடவில்லை என்றால், அவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்குத்தான் கடன் பொறுப்பு. நீ இனி மாவாட்டியோ பீடி சுற்றியோ சம்பாதிப்பதில் அவர்கள் கை வைக்க முடியாது. கடனுக்கு இன்சூரன்ஸ் போட்டார்களா என்றும் எழுத்தில் கேள். பல இடங்களில் கடன் கொடுக்கும்போதே அதற்கும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள்.

ஆட்டோவை விற்றுக் கடனை முடிப்பதுதான் உனக்கு நல்லது. நீங்கள் இந்துக் குடும்பம் என்பதால் மகன் சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு. அதனால் அத்தையை உட்கார வைத்துச் சொல்லிவிட்டுச் செய். பின்னால் மனஸ்தாபம் வராது.

கேள்வி: தையல், பீடி, மாவு என்று மூன்று யோசனை. எது நிலையாக இருக்கும்?

பதில்: உனக்குத் தைக்கத் தெரியுமா என்று நீ எழுதவே இல்லை. தெரியாதென்றால் இப்போதைக்குத் தையலை விடு. பிளவுஸ் கை வந்து, தெருவில் பெயர் எடுக்க ஒரு வருடம் ஆகும். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் சமூக நல அலுவலகத்தில் விதவைகளுக்கு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டம் இருக்கிறது. வயது 20 முதல் 40 வரை, தையல் தெரிந்ததற்குச் சான்றிதழ் வேண்டும். அடுத்த வருடக் கணக்கில் வை.

பீடி உன் ஊரில் கை நீட்டினால் கிடைக்கும் வேலை. அத்தை தன் பேரில் பீடிக் கம்பெனிப் பாஸ் வைத்திருக்கிறார் என்கிறாய். அங்கேதான் கவனம். அத்தை பாஸில் நீ சுற்றிப் போட்டால் கூலி வரும், பி.எஃப்., போனஸ், லீவுச் சம்பளம் எல்லாம் அத்தை பேரில்தான் ஏறும். உன் பேரில் தனிப் பாஸ் கேள். கடைக்காரர் “பார்க்கலாம்” என்பார், மாதாமாதம் கேட்டுக்கொண்டே இரு. பாஸ் வந்து ஆறு மாதம் ஆனால் பிள்ளைகளுக்குப் பீடித் தொழிலாளர் கல்வி உதவித்தொகைக்கும் மனுப் போடலாம். ஆனால் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டு சுளகை எடுக்காதே. தூள் அவன் மூக்குக்கு ஆகாது. அவன் அங்கன்வாடியில் இருக்கும் நேரம்தான் உனக்குப் பீடி நேரம். சேலை மாற்றி, கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். அதே கையால் மாவு தொடுவதும் கூடாது.

என் ஓட்டு இட்லி மாவுக்கு. காரணம், ஒரே இருபது வீடு வாரம் முழுக்க வாங்கும். புதுப் பொருள் செய்து புது ஆளைத் தேடுவதைவிட, பழகின பத்து வீட்டுக்குத் தவறாமல் கொடுப்பதில்தான் மாத வருமானம் இருக்கிறது.

கணக்கைப் பார். நாலு கிலோ இட்லி அரிசி, கிலோ 44 வீதம் 176. ஒரு கிலோ உளுந்து 130. வெந்தயம், உப்பு, கரண்ட், கவர் எல்லாம் 29 என்று வை. மொத்தம் 335 ரூபாய். மாவு 11 கிலோ காணும். கிலோ 40 என்றால் 440. மிச்சம் 105 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் 2,730. உன் ஊர் விலையைப் போட்டு நீயே ஒரு தடவை கூட்டிப் பார், என் கணக்கை அப்படியே நம்பாதே. உன் 2 லிட்டர் கிரைண்டரில் நாலு கிலோவை ஒரே நாளில் ஓட்டினால் மோட்டார் புகைந்துவிடும். முதல் மாதம் இரண்டு கிலோ அரிசியோடு ஆரம்பி, நான் சொன்ன மிச்சத்தில் பாதிதான் கையில் நிற்கும். பெரிய கிரைண்டர், வாடிக்கை நிலைத்த பிறகு, பழையதாகப் பார்த்து வாங்கு.

உளுந்தைப் பச்சைத் தண்ணீர் தெளித்துத் தெளித்து ஆட்டு. கொஞ்சம் மாவைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். சித்திரை வெயிலில் மாவு நாலு மணி நேரத்தில் பொங்கிப் புளிக்கும், அதனால் விடியுமுன் ஆட்டிப் பத்து மணிக்குள் கொடுத்துவிடு. நம்ம பக்கம் ஆனி, ஆடிச் சாரலில் நேர் எதிர்: மாவு எழும்பவே எழும்பாது, முந்தின ராத்திரியே ஆட்டி அடுப்பு மேடைப் பக்கம் வைக்க வேண்டும். மிஞ்சின மாவைப் புது மாவில் கலக்கவே கூடாது. ஒரு நாள் கலந்தால் பத்து வீட்டில் எட்டு வீடு போய்விடும். மிஞ்சியதைப் பணியாரமாக ஊற்றி மாலையில் விற்றுவிடு.

கடன் நோட்டு ஒன்று போடு. ஒரு வாரத்துக்கு மேல் யாருக்கும் பாக்கி விடாதே. “உன் நிலைமை தெரியுமே, அப்புறம் தாரேன்” என்கிற சொந்தக்காரர்கள்தான் அதிகம் பாக்கி வைப்பார்கள், எழுதி வைத்துக்கொள். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவும் எடுத்துவிடு, சிறு வியாபாரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான்.

கேள்வி: அந்த 2 லட்சம் வந்தால், அண்ணன் ஊதுபத்தி மிஷின் வாங்கச் சொல்கிறான். செய்ததைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளுமாம்.

பதில்: வேண்டாம். எங்கள் குழுவில் ஒருத்தி இப்படித்தான் மிஷின் வாங்கினாள். முதல் இரண்டு லோடு எடுத்தார்கள். மூன்றாவதுக்கு “தரம் சரியில்லை” என்றார்கள், நாலாவதுக்கு போனை எடுக்கவில்லை. மிஷின் இன்னமும் அவள் திண்ணையில் கோணி போர்த்திக் கிடக்கிறது. அவர்கள் விற்றது மிஷினை, ஊதுபத்தியை அல்ல.

போஸ்ட் ஆபீசில் மாத வருமானத் திட்டம் இருக்கிறது. 7.4 சதவீத வட்டிக்கு 2 லட்சம் போட்டால் மாதம் 1,233 ரூபாய் வரும், ஐந்து வருடம் கழித்து முதல் அப்படியே திரும்பும். போடும் அன்றைக்கு வட்டி என்ன என்று மட்டும் கேட்டுக்கொள். வட்டி 1,233, பென்ஷன் 1,200, நாலு கிலோ ஓடும்போது மாவு 2,730. ஆக 5,163, இதற்கு மேல் பீடிக் கூலி. பெரிய பணமில்லைதான். ஆனால் உனக்குக் காய்ச்சல் வந்த மாதமும் இதில் 2,433 வந்துவிடும். அண்ணனிடம் “பேங்கில் போட்டாச்சு, எடுக்க முடியாது” என்று சொல். பொய்யென்றாலும் பரவாயில்லை.

கேள்வி: போனில் டேட்டா என்ட்ரி வேலை, தினம் ஆயிரம் ரூபாய் என்று வருகிறதே?

பதில்: வேலை கொடுப்பவன் உன்னிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம் 500 என்றாலும் சரி, லிங்கை அமுக்கச் சொன்னாலும் சரி. முதலில் நூறு இருநூறு உன் கணக்கில் போட்டு ஆசை காட்டுவார்கள். மாட்டிக்கொண்டால் உடனே 1930-க்குப் போன் செய்.

கேள்வி: “மூணு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள வியாபாரமா” என்று தெருவில் பேசுகிறார்கள். அத்தையும் முகம் கொடுக்கவில்லை.

பதில்: தெருவுக்குப் பதில் சொல்லாதே. அத்தையிடம் மட்டும் பேசு. மகனைப் பறிகொடுத்தவர் அவர். உன் கோலம் மாறுவதைப் பார்க்க அவருக்கும் வலிக்கும். மாவுக்கு உப்புப் போடும் பொறுப்பை அவரிடம் கொடு. அந்தக் கைப்பக்குவம் உன்னிடம் இன்னும் வரவில்லை என்று சொல், அது உண்மையும்கூட. வாசலில் மாவு வாங்க வருகிறவர்களிடம் காசு வாங்குவதும் அவராக இருக்கட்டும். நீ உள்ளே கிரைண்டர் பக்கம் இரு, சின்னவன் உன் கண் பார்வையில் இருப்பான்.

திங்கள்கிழமை பேங்க். செவ்வாய் இ-சேவை. புதன் ராத்திரி இரண்டு கிலோ அரிசியை ஊறப் போடு. வியாழன் காலையில் நாலு வீட்டுக்கு அரை அரைக் கிலோ சும்மா கொடு, இட்லி எப்படி வந்தது என்று சாயங்காலம் போய்க் கேள்.