தோழர்களின் புகைப்படத்தை வைத்து ஏஐ படம் செய்வோர் கவனத்திற்கு

தமிழ் மன்றம், அறிவிப்புப் பலகை
13.07.2026, தில்லி
6 முதல் 12 வரை பயிலும் மன்ற உறுப்பினர்களுக்கு

ஆகஸ்ட் 15 சுவர்ப் பத்திரிகைக்காகச் செங்கோட்டை முன்னால் நம் பிள்ளைகள் நிற்பது போலப் படம் செய்ய ஆசைப்படுகிறீர்கள். செய்யலாம். ஆனால் போன பொங்கலுக்கு ஒரு மாணவியைக் கேட்காமலே பாட்டியாக்கி வகுப்புக் குழுவில் போட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மன்றமும் அப்போது சும்மாதான் இருந்தது. அதனால்தான் இந்த விதிகள்.

படத்தை யாருக்கும் அனுப்பாவிட்டாலும், தோழரின் முகத்தைச் செயலியில் ஏற்றிய உடனேயே அது உங்கள் போனை விட்டு வெளியே போய்விடுகிறது. பிறகு போனில் அழித்தாலும் அங்கே அழிந்ததாக அர்த்தமில்லை. எனவே ஏற்றும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் "சரி டா" என்று வந்தால் அது அனுமதி ஆகாது. எந்தப் புகைப்படம், என்ன படம், எங்கே ஒட்டப்படும் என்று எழுதிய சீட்டில் தோழரும் அவருடைய அப்பா அல்லது அம்மாவும் கையெழுத்திட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே சொல்கிறது. பெற்றோர் சம்மதம் கேட்கிறது. சீட்டுகள் 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். குழுப் படம் என்றால் அதில் தெரியும் ஒவ்வொருவரிடமும் வாங்குங்கள். ஒருவர் மறுத்தால் அந்தப் படம் வேண்டாம். டிபி, அடையாள அட்டைப் படங்களைத் தொடவே கூடாது.

கையெழுத்து இருந்தாலும் சில படங்களுக்கு இடமில்லை: நிறத்தை, உடல் பருமனை மாற்றுவது, இருவரைக் காதல் ஜோடியாக்குவது, சாதி, மதத்தைக் கிண்டல் செய்வது. ஆசிரியர்களுக்கும் இதே விதிதான் (தலைமை ஆசிரியரை ஜல்லிக்கட்டுக் காளை மேல் ஏற்றிய கலைஞர் கவனிக்கவும்).

ஆடையைக் களைவது போன்ற படம் விளையாட்டே இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படத்தை உருவாக்குவதே குற்றம்; பகிர்வதும் குற்றம். அப்படி ஏதாவது உங்களுக்கு வந்தால், "பாருங்க சார்" என்று எங்களுக்குக்கூட அனுப்பாதீர்கள். நேரில் வந்து சொல்லுங்கள். சொன்னவரைத் திட்ட மாட்டோம். பள்ளியில் சொல்லத் தயக்கமாக இருந்தால் 1098-க்குப் பேசுங்கள், cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்யலாம்.

ஒட்டும் படத்தின் கீழே "ஏஐ உருவாக்கிய படம்" என்று எழுத வேண்டும். அனுமதி தந்தவர் அப்புறம் மனம் மாறினால் காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிடுவோம். விழா முடிந்த மறுவாரம் மன்றக் கணினியில் உள்ள படங்கள் எல்லாம் அழிக்கப்படும்.

மீறினால் அந்தப் பருவம் முழுக்க மன்றத்தில் இடமில்லை, பெற்றோருக்கும் தெரிவிப்போம்.

சீட்டு வாங்க அலுப்பாக இருப்பவர்கள் கையால் வரையலாம். சார்ட் தாள் மன்ற அலமாரியில் இருக்கிறது.

பொறுப்பாசிரியர்,
தமிழ் மன்றம்