வெளிநோயாளர் கருத்துக் கேட்புப் படிவம் (வாசித்துக் காட்டிக் கேட்பதற்கானது)

கேட்பவர் முதலில் படிக்க வேண்டியது

இந்தப் படிவத்தை நோயாளியின் கையில் கொடுத்து நிரப்பச் சொல்லக் கூடாது. நீங்கள் வாசிக்க வேண்டும், அவர் வாயாலோ விரலாலோ பதில் சொல்ல வேண்டும். "படிக்கத் தெரியுமா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். தானே படிக்க விரும்புகிறவருக்குப் பெரிய எழுத்துப் பிரதி தனியாக இருக்கிறது. அதையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே கொடுங்கள்.

கேள்விகள் பேச்சுத் தமிழில் அச்சாகியுள்ளன. எல்லாரிடமும் ஒரே சொற்கள் போக வேண்டும் என்பதற்காகத்தான் இப்படி. சொல்லை மாற்றாதீர்கள். புரியவில்லை என்றால் அதே கேள்வியை மெதுவாக இன்னொரு முறை வாசியுங்கள். விளக்கம் சொல்லப் போனால் உங்கள் எண்ணம் அவருடைய பதிலுக்குள் புகுந்துவிடும்.

அன்று அந்த நோயாளிக்குச் சீட்டு போட்டவரோ, ஊசி போட்டவரோ, மருந்து கொடுத்தவரோ கேட்பவராக இருக்கக் கூடாது. சீருடை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் எதுவும் வேண்டாம். மருந்து வாங்கி முடித்து வாசலுக்குப் போகும் வழியில், மற்றவர் காதில் விழாத மூலையில், இரண்டு நாற்காலி போட்டுக் கேளுங்கள். டாக்டர் அறை வாசலில் கேட்டால் எல்லாப் பதிலும் "நல்லா இருந்துச்சு" என்றே வரும். அடுத்த முறை கவனிப்பார்களோ மாட்டார்களோ என்ற பயம்தான் அங்கே பதில் சொல்லும்.

யாரைக் கேட்பது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். காலையில் 1 முதல் 10 வரை எழுதிய துண்டுகளில் ஒன்றைக் குலுக்கி எடுங்கள். அந்த எண் 4 என்றால் 4, 14, 24, 34 என்று டோக்கன் வரிசையில் கேளுங்கள். மாலை நேர ஓ.பி.க்குப் புதிதாகக் குலுக்குங்கள். சிரித்த முகமாகத் தெரிகிறவரையே கூப்பிடும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. குலுக்கல் அதைத் தடுக்கிறது. மறுத்தவருக்கும் ஒரு தாள் எடுத்து, "மறுத்தார்" என்ற வட்டத்தில் மட்டும் குறியிடுங்கள்.

எந்தப் பதில் வந்தாலும் "சரி" என்று மட்டும் சொல்லுங்கள். "ரொம்ப நல்லது", "அப்படியா?", "ஐயோ" எதுவும் வேண்டாம். புருவம் உயர்த்துவதும் ஒரு பதில்தான், எதிரே இருப்பவர் அதைப் படித்துவிடுவார்.

படம் போட்ட அட்டை

அட்டையில் மூன்று டம்ளர் படம் உள்ளது: நிறைந்தது, பாதி, காலி. நிறைந்தது "நல்லா இருந்துச்சு", பாதி "சுமாரா இருந்துச்சு", காலி "நல்லா இல்ல". சிரிக்கிற முகம், அழுகிற முகம் படங்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். வலியோடு வந்தவர் அழுகிற முகத்தைக் காட்டினால், அது அவர் வலியா, நம் சேவையைப் பற்றிய கருத்தா என்று பிரிக்க முடியாது. சிவப்பு, பச்சை நிறமும் இல்லை. நிறமே எது சரியான பதில் என்று சொல்லிக் கொடுத்துவிடும்.

அட்டை இரண்டு வகை. 'அ' அட்டை நிறைந்த டம்ளரில் தொடங்கும், 'ஆ' அட்டை காலி டம்ளரில் தொடங்கும். ஒருவருக்கு 'அ', அடுத்தவருக்கு 'ஆ' என்று மாற்றி எடுங்கள். பதில்களையும் அட்டையில் உள்ள வரிசையிலேயே வாசியுங்கள். காதால் மட்டும் கேட்கிறவருக்குக் கடைசியாகக் கேட்டதுதான் நினைவில் நிற்கும். வரிசை மாறினால் அந்தச் சாய்வு இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும்.

தொடங்கும்போது வாசிக்க வேண்டியது

"வணக்கம்மா / வணக்கம் ஐயா. இன்னைக்கு இங்க வந்தது உங்களுக்கு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க 16 கேள்வி வெச்சிருக்கோம். ஏழெட்டு நிமிஷம் ஆகும். உங்க பேரு, போன் நம்பர் எதுவும் எழுத மாட்டோம். நீங்க சொல்றதை டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ உங்க பேரோட சொல்ல மாட்டோம். என்ன பதில் சொன்னாலும் உங்க வைத்தியத்துல ஒண்ணும் மாறாது. பதில் சொல்ல வேண்டாம்னாலும் சரி, பாதியில நிறுத்தினாலும் சரி. கேட்கலாமா, வேண்டாமா?"

○ கேட்கலாம்  ○ மறுத்தார்

பழகிக்கொள்ள ஒரு கேள்வி

"முதல்ல இந்தப் படத்தைப் பழகிக்கலாம். நேத்து ராத்திரி தூக்கம் உங்களுக்கு எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சு, சுமாரா இருந்துச்சு, நல்லா இல்ல. எந்த டம்ளர்னு காட்டுங்க."

பிறகு: "தூக்கமே வரலைன்னு ஒருத்தர் சொல்றார். அவர் எந்த டம்ளரைக் காட்டுவார்?" காலி டம்ளரைக் காட்டினால் மேலே போங்கள். வேறு எதையாவது காட்டினால் மூன்று படத்தையும் மறுபடி சொல்லி, இன்னொரு முறை கேளுங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் அட்டையை மடக்கி வைத்துவிட்டு வாயால் மட்டும் கேளுங்கள். கண் தெரியாதவருக்கும் அப்படியே, பதில்களை இரண்டு முறை வாசித்து.

யார் பதில் சொல்கிறார்கள்

1. "இன்னைக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டது நீங்களா, நீங்க கூட்டிட்டு வந்தவங்களா?"
○ நான்  ○ என் குழந்தை  ○ நான் கூட்டி வந்த பெரியவர்

துணைக்கு வந்தவர் நடுவில் பதில் சொன்னால், "அவங்க சொல்லட்டும், அப்புறம் உங்ககிட்டயும் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு நோயாளியையே பாருங்கள். நோயாளியால் பேச முடியாதபோது மட்டும் துணைக்கு வந்தவரின் பதில் செல்லும்.

2. "இந்த இடத்துக்கு இதுதான் முதல் தடவையா, முன்னாடியும் வந்திருக்கீங்களா?"
○ முதல் தடவை  ○ முன்பும் வந்திருக்கிறேன்

"இனிமே கேட்கிறது எல்லாம் இன்னைக்கு நடந்ததைப் பத்தி மட்டும்தான்." (இதைக் கட்டாயம் வாசியுங்கள். இல்லாவிட்டால் போன வருஷத்து மனத்தாங்கல் இன்றைய கணக்கில் சேரும்.)

சீட்டு போடும் இடம்

3. "சீட்டு போடுற இடத்தைக் கண்டுபிடிக்கிறது எப்படி இருந்துச்சு? சுலபமா, சுமாரா, கஷ்டமா?"
○ சுலபம்  ○ சுமார்  ○ கஷ்டம்  ○ துணைக்கு வந்தவர் பார்த்துக்கொண்டார்

4. "சீட்டு போட்டவங்க உங்ககிட்ட பேசின விதம் எப்படி இருந்துச்சு?"
○ நல்லா இருந்துச்சு  ○ சுமார்  ○ நல்லா இல்ல

காத்திருந்தது

5. "டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் காத்திருந்த நேரம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு? குறைவா, சரியா, அதிகமா?"
○ குறைவு  ○ சரி  ○ அதிகம்  ○ தெரியல

எத்தனை நிமிடம் என்று கேட்காதீர்கள். கையில் கடிகாரம் இல்லாதவர் ஒரு குத்துமதிப்பு சொல்வார், அது நம்மை ஏமாற்றும். ஓ.பி. சீட்டில் அச்சான நேரத்தையும், டாக்டர் அறைப் பதிவேட்டில் உள்ள நேரத்தையும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அதற்காக டோக்கன் எண்ணை மட்டும் தாளின் மூலையில் எழுதுங்கள். நேரத்தை எழுதி முடித்த அன்றே அந்த மூலையைக் கிழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால், பேரைச் சேர்க்க மாட்டோம் என்று சொன்ன வாக்கு பொய்யாகிவிடும்.

6. "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா, சொல்லலையா?"
○ சொன்னாங்க  ○ சொல்லல  ○ ஞாபகம் இல்ல

7. "காத்திருந்தப்ப உட்கார இடம் எப்படி? முழு நேரமும் கிடைச்சுதா, கொஞ்ச நேரம் கிடைச்சுதா, கிடைக்கலையா?"
○ முழு நேரமும்  ○ கொஞ்ச நேரம்  ○ கிடைக்கல  ○ உட்காரத் தேவைப்படல

டாக்டரிடம் பேசியது

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். "டாக்டர் சொன்னது புரிஞ்சுதா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் தலையை ஆட்டிவிடுவார்கள். புரியவில்லை என்று சொல்வது தன்னையே குறைத்துக்கொள்வது போல அவர்களுக்குப் படும். அதனால்தான் இங்கே "எவ்வளவு" என்று கேட்கிறோம்.

8. "உடம்பைப் பத்தி சொல்லணும்னு நினைச்சு வந்ததுல எவ்வளவு சொல்ல முடிஞ்சுது? எல்லாமே, கொஞ்சம், சொல்ல முடியல."
○ எல்லாமே  ○ கொஞ்சம்  ○ சொல்ல முடியல

9. "டாக்டர் சொன்னதுல எவ்வளவு புரியிற மாதிரி சொன்னாங்க? எல்லாமே, கொஞ்சம், எதுவும் புரியிற மாதிரி இல்ல."
○ எல்லாமே  ○ கொஞ்சம்  ○ எதுவும் இல்ல  ○ டாக்டர் ஒண்ணும் சொல்லல

10. "டாக்டர்கிட்ட கேட்கணும்னு நினைச்ச கேள்வி ஏதாவது இருந்துச்சா, இல்லையா?"
○ இல்ல (11-க்குப் போகவும்)  ○ இருந்துச்சு

இருந்தால்: "அதைக் கேட்டீங்களா, கேட்கலையா?"
○ கேட்டேன், பதில் கிடைச்சுது  ○ கேட்டேன், பதில் கிடைக்கல  ○ கேட்கல

"கேட்கல" என்றால் "ஏன்?" என்று துருவாதீர்கள். அவராகச் சொன்னால் கேள்வி 16-க்குக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

11. "நீங்க உள்ள பேசினது மத்த நோயாளிங்களுக்குக் கேட்டிருக்குமா, கேட்டிருக்காதா?"
○ கேட்டிருக்கும்  ○ கேட்டிருக்காது  ○ தெரியல

மருந்து

மருந்து எழுதாதவருக்கு நேராகக் கேள்வி 14.

12. "எழுதிக் கொடுத்த மருந்துல இங்க எவ்வளவு கிடைச்சுது? எல்லாமே, கொஞ்சம், எதுவும் கிடைக்கல."
○ எல்லாமே  ○ கொஞ்சம்  ○ எதுவும் கிடைக்கல

13. "மருந்தை எப்ப, எப்படிச் சாப்பிடணும்னு யாராவது சொன்னாங்களா, சொல்லலையா?"
○ எல்லா மருந்துக்கும் சொன்னாங்க  ○ சிலதுக்கு மட்டும்  ○ சொல்லல

பேசும்போது மருந்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டது தெரிந்தால் நடுவில் திருத்தாதீர்கள். திருத்தினால் மிச்சக் கேள்விகள் பரீட்சை ஆகிவிடும். கடைசிக் கேள்வி முடிந்ததும் அவரை நீங்களே மருந்து கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய் மறுபடி சொல்ல வையுங்கள். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம் போன்ற எதையாவது சொன்னால் மட்டும் படிவத்தை அப்படியே விட்டுவிட்டு உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இடம்

குடிநீரும் கழிப்பறையும் வேறு வேறு விஷயம். ஒரே கேள்வியாகச் சேர்த்தால் எதற்குப் பதில் வந்தது என்று தெரியாது.

14. "இங்க குடிக்கத் தண்ணி எப்படி இருந்துச்சு?"
○ நல்லா இருந்துச்சு  ○ சுமார்  ○ நல்லா இல்ல  ○ தண்ணி இல்ல  ○ குடிக்கல

15. "கக்கூஸ் எப்படி இருந்துச்சு?"
○ நல்லா இருந்துச்சு  ○ சுமார்  ○ நல்லா இல்ல  ○ போகல

கடைசிக் கேள்வி

16. "எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா இன்னைக்கு இங்க வந்தது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"
○ நல்லா இருந்துச்சு  ○ சுமார்  ○ நல்லா இல்ல

"பரவாயில்லை" என்று பதில் வந்தால் நீங்களாக எதிலும் சேர்க்காதீர்கள். திருப்தியாக இருப்பவரும் அதைச் சொல்வார், மனம் நொந்தவரும் சொல்வார். மூன்று பதிலையும் மறுபடி வாசித்து, அவரையே காட்டச் சொல்லுங்கள்.

"இன்னைக்கு நடந்ததுல அப்படியே இருக்கட்டும்னு நினைக்கிற விஷயம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. மாத்தணும்னு நினைக்கிற விஷயம் ஏதாவது இருந்தாலும் சொல்லுங்க."

அவர் சொன்ன சொல்லிலேயே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். "அந்த அம்மா சுள்ளுன்னு பேசினாங்க" என்றால் அப்படியே. "பணியாளர் நடத்தை குறித்த அதிருப்தி" என்று மாற்றினால் என்ன நடந்தது என்பதே காணாமல் போகும். ஊழியரின் பெயர் வந்தால் பெயரை விட்டுவிட்டு, வேலை செய்யும் இடத்தை மட்டும் எழுதுங்கள். ஒன்றும் சொல்லாவிட்டால் ஐந்து விநாடி பொறுத்து, "சரி" என்று முடியுங்கள்.

முடிக்கும்போது வாசிக்க வேண்டியது

"அவ்வளவுதான். நேரம் ஒதுக்கிப் பேசினதுக்கு நன்றி. இந்தத் தாளை உங்க முன்னாடியே மடிச்சுப் பெட்டியில போடுறேன். நடந்ததைப் பத்திப் புகார் கொடுக்கணும்னு நினைச்சா அதுக்குத் தனி இடம் இருக்கு. வேணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

எண்ணும்போது

ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதிலும் எத்தனை பேர் என்று மட்டும் எழுதுங்கள். மூன்று பதிலுக்கும் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுக்க வேண்டாம். பாதிப்பேர் "நல்லா இருந்துச்சு", பாதிப்பேர் "நல்லா இல்ல" என்றால் சராசரி "சுமார்" என்று காட்டும், ஆனால் அப்படிச் சொன்னவர் ஒருவர்கூட இருக்க மாட்டார். "தெரியல", "போகல", "குடிக்கல" தனி வரிசையில் நிற்கட்டும். 'அ' அட்டையையும் 'ஆ' அட்டையையும் முதலில் தனித்தனியாக எண்ணுங்கள். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் ஒருவேளை பதில்கள் வேகமாக வாசிக்கப்படுகின்றன. கேட்பவரின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மறுத்தவர்களின் எண்ணிக்கையை அறிக்கையின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.