தவறான கணக்கு எண்ணுக்குச் சென்ற ரூ.1,84,600-ஐ மீட்டுத்தரக் கோரி வங்கிக்கு விண்ணப்பம்

பவானி
13-06-2025, வெள்ளிக்கிழமை

அனுப்புநர்
ச. தேன்மொழி,
கைத்தறி ஜமக்காள உற்பத்தியாளர்,
பவானி, ஈரோடு மாவட்டம் – 638301.

பெறுநர்
கிளை மேலாளர் அவர்கள்,
பவானி கிளை.

பொருள்: நெஃப்ட் மூலம் தவறான கணக்குக்குச் சென்ற ரூ.1,84,600-ஐத் திரும்பப் பெற, பெறும் வங்கிக்கு இன்றே கோரிக்கை அனுப்ப வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: கைபேசிச் செயலியில் இன்று காலை 10.20-க்குப் பதிவு செய்த புகார், எண் 2506130417.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கிளையில் எனக்கு 920641775528 என்ற எண்ணில் நடப்புக் கணக்கு உள்ளது. நேற்று மாலை கரூர் நூல் வியாபாரி திரு. மு. பழனிவேல் அவர்களுக்கு அனுப்பிய பணம், கணக்கு எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால் வேறொருவர் கணக்கில் வரவாகிவிட்டது. எண்ணைப் பதிந்தது நான்தான். வங்கியின் மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. பணம் அந்தக் கணக்கில் இருக்கும்போதே தாங்கள் தலையிட்டு உதவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பரிவர்த்தனை விவரம்:

பற்று வைக்கப்பட்ட கணக்கு: 920641775528
தொகை: ரூ.1,84,600 (ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து அறுநூறு ரூபாய் மட்டும்)
முறை: நெஃப்ட், இணையவழி வங்கிச் சேவை
நாள், நேரம்: 12-06-2025, மாலை 6.42
யு.டி.ஆர். எண்: N163254021187365
பதிந்த பெயர்: PALANIVEL M
பணம் சென்ற தவறான கணக்கு எண்: 7306218406419
செல்ல வேண்டிய சரியான கணக்கு எண்: 7306218406149
பெறும் வங்கி, ஐ.எஃப்.எஸ்.சி.: இணைப்பு 1-இல் உள்ள ரசீதின்படி, கரூர் கிளை
குறிப்பு: நூல் பில் 218

கடைசி நான்கு இலக்கங்கள் 6149 என்று இருக்க வேண்டும். 6419 என்று பதிவாகியுள்ளது. வியாபாரியின் பில்லில் 13 இலக்கங்களும் இடைவெளியில்லாமல் பொடி எழுத்தில் அச்சாகியுள்ளன. நகலை இணைத்துள்ளேன். இந்தப் பயனாளியைக் கடந்த பிப்ரவரியிலேயே சேர்த்துவிட்டேன். நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைச் சரிபார்க்கும் வசதியை ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 1-க்குள் தரச் சொன்னது. அதற்கு முன்பே சேர்த்த பயனாளி என்பதால், சேர்க்கும்போது எதிர்ப்பக்கப் பெயர் எனக்குத் தெரியவில்லை. நேற்றுவரை அவருக்குக் காசோலையே கொடுத்து வந்தேன். இந்தப் பதிவின் வழியே பணம் போனது நேற்றுதான் முதல் முறை.

நேற்று இரவு 7.36-க்கு, பணம் பெறுநர் கணக்கில் வரவு வைக்கப்பட்டதாக எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. அதாவது N10 உறுதிச் செய்தி தங்கள் வங்கிக்கு வந்துவிட்டது. அப்படியொரு எண்ணே இல்லாமல் இருந்திருந்தால், தொகுப்பு தீர்வான இரண்டு மணி நேரத்துக்குள் பணம் தானாகவே திரும்பியிருக்கும். இனி அந்த வழியில் வராது. ஆகவே "இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள், தானாக வந்துவிடும்" என்ற பதில் இங்கே பொருந்தாது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

நெஃப்டில் கணக்கு எண்ணை மட்டுமே வைத்து வரவு வைக்கலாம், எண்ணைச் சரியாகத் தரும் பொறுப்பு அனுப்புபவருடையது என்பது 2010 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொன்ன விதி. அதை ஏற்கிறேன். பெயர் பொருந்தவில்லையே, எப்படி வரவு வைத்தீர்கள் என்று பெறும் வங்கியை நான் கேட்கவில்லை. ஆனால் அதே பெயர் இப்போது சான்றாகிறது. அவர்களுக்குப் போன செய்தியில் PALANIVEL M என்று இருக்கும். 6419 கணக்கின் உரிமையாளர் பெயர் வேறாக இருக்கும். 6149 கணக்கு அதே பழனிவேல் பெயரில் இருக்கும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே தவறு எங்கே நடந்தது என்று விளங்கிவிடும். கோரிக்கையில் இதை ஒரு வரியாகச் சேர்த்தால் அங்குள்ளவர்கள் தயங்காமல் செயல்படுவார்கள்.

தங்களிடம் நான் வேண்டுவது:

முதலாவதாக, பணத்தைத் திரும்ப அழைக்கும் கோரிக்கையை இன்றே எஸ்.எஃப்.எம்.எஸ். வழியாகவும் மின்னஞ்சலிலும் பெறும் வங்கிக்கு அனுப்புங்கள். நாளை இரண்டாவது சனிக்கிழமை, மறுநாள் ஞாயிறு. இன்று மாலைக்குள் போகாவிட்டால் திங்கள் வரை கிளையில் யாரும் பார்க்க மாட்டார்கள். நெஃப்ட்டும் யு.பி.ஐ.யும் ஏ.டி.எம்.மும் அந்த இரண்டு நாளும் ஓடும். வந்த பணத்தைத் தன் பணம் என்று நினைத்து அவர் எடுத்துவிட்டால் அதன்பின் மீட்பது பெரும்பாடு. ஐ.எஃப்.எஸ்.சி. கரூர் கிளையைக் காட்டினாலும், அந்த எண்ணுக்குரிய கணக்கு அவ்வங்கியின் வேறு கிளையில் இருக்கக்கூடும். எனவே கரூர் கிளைக்கு மட்டும் எழுதாமல் அவர்களின் நெஃப்ட் மையத்துக்கும் நகல் அனுப்ப வேண்டுகிறேன்.

இரண்டாவதாக, ரூ.1,84,600-க்கு மட்டும் பிடித்தம் குறிக்கும்படி அவர்களைக் கேளுங்கள். முழுக் கணக்கையும் முடக்க வேண்டாம். இது மோசடி அல்ல. 1930 எண்ணிலும் நான் புகார் செய்யவில்லை. மோசடி என்று குறித்துவிட்டால், ஒரு தவறும் செய்யாத ஒருவரின் சம்பளமோ வியாபாரப் பணமோ நின்றுபோகும். அப்படி நின்றால் அவர் மனம் ஒப்பிச் சம்மதம் தருவது கடினம்.

அது சேமிப்புக் கணக்கா, ஓவர்டிராஃப்ட் அல்லது கடன் கணக்கா என்பதையும் விசாரிக்க வேண்டும். கடன் கணக்கில் விழுந்திருந்தால் தொகை நிலுவையில் கழிந்திருக்கும். "இருப்பு இல்லை" என்று பதில் வந்துவிடும். அத்தகைய நிலையில் வரவுப் பதிவைத் திருத்தும் வழியைத் தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, கணக்குதாரரின் எழுத்துப்பூர்வச் சம்மதம். அவர் ஒப்புதல் இல்லாமல் வங்கி அவர் கணக்கில் பற்று வைக்காது என்பது எனக்குத் தெரியும். அவருடைய பெயரோ முகவரியோ இருப்போ எனக்கு வேண்டியதில்லை. அவருக்கென்று எழுதிய கடிதம் ஒன்றை இத்துடன் வைத்துள்ளேன். அதைப் பெறும் வங்கி வழியாக அவரிடம் சேர்த்தால் போதும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வியாபாரிக்கு இன்று காலை 11.05-க்கு அதே தொகையைச் சரியான கணக்குக்கு (7306218406149) மறுபடி அனுப்பிவிட்டேன். அதன் யு.டி.ஆர். N164254021902216. தொகையும் பெயரும் வங்கியும் ஒன்றே. திரும்பக் கேட்க வேண்டியது N163 என்று தொடங்கும் நேற்றைய எண் மட்டுமே. தொகையை வைத்துத் தேடி, இன்றைய பரிவர்த்தனையைத் திரும்ப அழைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்த இரண்டாவது தொகை என் ஓவர்டிராஃப்டிலிருந்து போயிருக்கிறது. சனிக்கிழமைதோறும் நெசவாளர்களுக்குக் கூலி கொடுக்க வைத்திருந்த வரம்பு அது. வட்டியை விட, நாளைய கூலியைத் தள்ளிப்போட நேர்ந்துவிடுமோ என்பதுதான் என் கவலை.

பணம் திரும்பும்போது அது தானாகத் திரும்பிய பதிவாக வராது, புதிய நெஃப்டாகவே வரும். பழைய யு.டி.ஆர். எண்ணைக் குறிப்பில் எழுதி என் 920641775528 கணக்குக்கே அனுப்பும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் யாருடைய பணம் என்று தெரியாமல் கணக்கு முடிக்க முடியாது. பெறும் வங்கி ஈட்டுறுதிப் பத்திரம் கேட்டால், அவர்கள் சொல்லும் மதிப்புள்ள முத்திரைத்தாளில் கையெழுத்திட்டுத் தருகிறேன். அதன் வாசகத்தை முன்கூட்டியே தந்தால் திங்கள் காலை கிளை திறக்கும்போதே கொண்டுவந்துவிடுவேன்.

கணக்குதாரர் மறுத்தாலோ, பணம் எடுக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தாலோ, அதை வாய்மொழியாகச் சொல்லாமல் பெறும் வங்கியின் பதில் நகலுடன் எழுத்தில் தர வேண்டும். தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித்தர வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவு சொல்கிறது. தெரிந்தே நேர்மையின்றித் தன் பயனுக்கு எடுத்துக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவின்கீழ் வரும். காவல் நிலையத்துக்கோ உரிமையியல் நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால் அந்தப் பதில்தான் எனக்கு ஆவணம். அந்த நிலை வராது என்றே நம்புகிறேன்.

இந்த விண்ணப்பத்தின் இரண்டாம் படியில் பெற்ற நாள், நேரம், கிளை முத்திரை இட்டுத் தாருங்கள். அனுப்பிய கோரிக்கையின் எண்ணையும் அதில் குறித்துத் தாருங்கள். திங்கள் 16-06-2025 மதியம் நேரில் வந்து நிலவரம் கேட்டுக்கொள்கிறேன். இடையில் தகவல் இருந்தால் என் கணக்கில் பதிவான கைபேசி எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

நன்றி.

இப்படிக்கு,
ச. தேன்மொழி

இணைப்பு:
1. 12-06-2025 பரிவர்த்தனை ரசீது, வரவு உறுதிக் குறுஞ்செய்தியின் படம்
2. நூல் பில் 218 நகல், சரியான கணக்கு எண் அடிக்கோடிட்டது
3. வியாபாரியின் ரத்து செய்த காசோலை நகல்
4. 11-06-2025 முதல் 13-06-2025 வரை கணக்கு அறிக்கை
5. ஆதார், பான் நகல்கள், சுய கையொப்பத்துடன்
6. கணக்குதாரருக்கான கடிதம்

நகல்: கிளை மேலாளர், பெறும் வங்கி, கரூர் கிளை

இணைப்பு 6

கணக்கு எண் 7306218406419-இன் உரிமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். தங்களை எனக்குத் தெரியாது. 12-06-2025 இரவு தங்கள் கணக்கில் ரூ.1,84,600 வரவாகியிருக்கும். அது கரூரில் ஒரு நூல் வியாபாரிக்கு நான் அனுப்பிய பணம். அவர் கணக்கு எண்ணின் கடைசியில் 6149, தங்களுடையதில் 6419. நான் மாற்றிப் பதிந்ததால் தங்களுக்கு இந்தத் தொல்லை. மன்னிக்க வேண்டுகிறேன்.

தங்கள் வங்கிக் கிளைக்குப் போய், பணத்தைத் திருப்பி அனுப்பச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதும். மீதியை வங்கி பார்த்துக்கொள்ளும். அனுப்பக் கட்டணம் பிடித்தால் அதைக் கழித்துக்கொண்டு அனுப்புங்கள். தெரியாமல் ஒரு பகுதியைச் செலவழித்திருந்தாலும் பரவாயில்லை. இருப்பதை இப்போது அனுப்பிவிட்டு, மீதியை இரண்டு தவணையில் தருவதாக வங்கியில் எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்கிறேன்.

தயவுசெய்து இதை மட்டும் கவனியுங்கள். நான் தங்களைக் கைபேசியில் அழைக்க மாட்டேன், எந்த இணைப்பும் அனுப்ப மாட்டேன், ஓ.டி.பி. கேட்க மாட்டேன். யாராவது என் பெயரைச் சொல்லி, வேறொரு யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கிளை வழியாக, பணம் வந்த அதே கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். சம்மதக் கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை யாரும் தங்களைக் கேள்வி கேட்காமல் இருக்க அது உதவும்.

நன்றியுடன்,
ச. தேன்மொழி
பவானி, 13-06-2025