சில்வண்டு

அப்புச்சி சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 31 வருஷம் பிட்டராக இருந்தவர். ரிட்டயர் ஆனாலும் தெரு முக்கு மாவு மில்லில் மோட்டார் சிணுங்கினால் ஆள் அனுப்புவது அவருக்குத்தான். எட்டாவது லீவில் ஒருநாள் என்னையும் கூட்டிப் போனார், கையில் மரப்பிடி போட்ட ஒரு முழ நீளத் திருப்புளி.

பத்து எச்பி மோட்டார். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா ஓடவிட்டார். பெல்ட் இருந்தால் கல்லின் சத்தமும் சேர்ந்து வந்து குழப்பிவிடுமாம். "வேட்டி, துண்டு எதுவும் புல்லிகிட்டப் போகக்கூடாது" என்று சொல்லி என் சட்டை நுனியை டவுசருக்குள் அவரே திணித்தார். திருப்புளி நுனியை எண்ட் கவரில், பேரிங் உட்கார்ந்திருக்கும் மேட்டில் ஊன்றணும். பிடியைக் காதுக்குள் விடாமல், காது ஓட்டைக்கு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் குருத்தெலும்பில் அழுத்தணும்.

"மொதல்ல ஃபேன் பக்கம் கேளு கண்ணு. நல்லது தெரிஞ்சாத்தான் கெட்டது தெரியும்."

ஒரே சீரான 'ம்ம்ம்'. அப்புறம் புல்லி பக்கம் வைத்தேன். முதலில் அதே 'ம்ம்ம்'தான், கொஞ்சம் பொறுத்தால் அதுக்கு அடியில் மெல்லிசாக வேறொன்று, விட்டு விட்டு.

"சில்வண்டு மாதிரி கத்துது அப்புச்சி."

அவர் வாங்கிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம். "கரகரப்பு ஒண்ணும் இல்லியே." திரும்பவும் என்னிடம் கொடுத்தார். "நான் சுச்சை அமத்துறேன். கரண்டு சத்தம்னா அப்பவே செத்துரும். பேரிங்னா புல்லி நிக்கிற வரைக்கும் கூட வரும்."

அமத்தினார். 'ம்ம்ம்' பட்டென்று போய்விட்டது. சில்வண்டு மட்டும் போகவில்லை, புல்லி தளரத் தளர அதுவும் தளர்ந்து, கடைசிச் சுற்றில் ஒருமுறை 'டிக்' என்று அடித்து நின்றது.

"இருக்குது."

மில்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார், சின்னப் பையன் பேச்சைக் கேட்டு மோட்டாரைப் பிரிப்பதா என்று. அப்புச்சி அதற்குள் ஸ்பானர் எடுத்திருந்தார்.

புல்லர் போட்டு 6308 பேரிங்கை உருவினபோது கிரீஸ் கருகி, அடுப்பில் பிடித்த பால் ஏடு மாதிரி இருந்தது. மண்ணெண்ணெயில் அலசி, குண்டுகளைக் கழற்றிவிட்டு, வெளி வளையத்தின் உள்பக்கம் என் விரலை வைத்து ஓட்டச் சொன்னார். ஓர் இடத்தில் நகம் தட்டியது. கடுகில் பாதிகூட இருக்காது அந்தப் பள்ளம்.

மில்காரர் புது பேரிங் வாங்க வண்டியைக் கிளப்பினார். அப்புச்சி எதுவும் பேசவில்லை, வீட்டுக்கு வரும் வழியிலும்கூட.

ராத்திரி வாசலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம்.

"கண்ணு, இப்பக் கத்துதா அது?"

"எது அப்புச்சி?"

"சில்வண்டு."

கத்திக்கொண்டுதான் இருந்தது, காதைக் கிழிக்கிற மாதிரி. "கத்துதுங்க அப்புச்சி."

"எந்தப் பக்கம்?"

துவைக்கிற கல் பக்கம் கை காட்டினேன். அவர் அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார்.