உள்ளங்கை உப்பு

ஆச்சியை வைத்து ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வீடியோ எடுப்பேன். தண்டவாள வேலைக்காக மெகா பிளாக் இருந்தால் லோக்கல் ரயில் குறைவாக ஓடும். மும்பை சயானில் எங்கள் சமையலறை ஜன்னலை ஒட்டித் தண்டவாளம். மற்ற நாளில் கடுகு வெடிக்கிற சத்தம்கூடப் பதிவாகாது.

யூடியூப் ஸ்டூடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு வரும். போகப்போக இறங்கிக்கொண்டே போகும், ஆட்கள் ஓடிப்போகிறார்கள் என்று அர்த்தம். எங்களுடையதில் மட்டும் நடுவில் ஒரு மேடு. புளிக்குழம்பு, சொதி, கூட்டாஞ்சோறு, எல்லாவற்றிலும். திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். எந்த இடம் என்று ஓட்டிப் பார்த்தேன். ஆச்சி உள்ளங்கையை நீட்டி, "உப்பு, இவ்ளோதான்" என்கிற இடம்.

கமெண்டுகளைத் தேடினேன். "4:12-ல் நிறுத்தி, என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துதான் போட்டேன். ஒரே கரிப்பு. வீட்டுக்காரர் தயிர் சோற்றோடு எழுந்துவிட்டார்." அதற்குக் கீழே நாலைந்து பேர் "எனக்கும்".

ஆச்சியிடம் வாசித்துக் காட்டினேன்.

"என் கை சின்னதுட்டி. அவங்க கை பெருசா இருக்கும்."

அப்படித்தான் நானும் நினைத்தேன். சரி, ஸ்பூன் அளவு சொல்லிவிடலாம் என்று ஆச்சி கையிலிருந்ததை ஸ்பூனில் கொட்டினேன். கற்கள் ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. நடுவில் எல்லாம் சந்து. அதே ஸ்பூனில் டப்பாவிலிருந்த தூள் உப்பைப் போட்டால் சந்தே இல்லாமல் அடைத்துக்கொண்டது. அப்போதுதான் உறைத்தது.

"ஆச்சி, நீங்க கல்லுப்புன்னு சொன்னதே இல்லையே."

"உப்புன்னா கல்லுப்புதானே?" தூத்துக்குடிப் பக்கத்து உப்பளத்தில் பதினாறு வயசு வரைக்கும் உப்பு வாரியவள். அவளுக்கு இன்னொரு உப்பு உப்பே இல்லை. தூள் உப்பு டப்பா என் ஆம்லெட்டுக்காக வாங்கியது; அதை அவள் தொட்டதுகூடக் கிடையாது.

கமெண்டை மறுபடி வாசிக்கச் சொன்னாள். தயிர் சோறு வருகிற இடத்தில் உச்சுக்கொட்டினாள்.

அடுத்த ஞாயிறு வத்தக்குழம்பு. உப்பு போடும் நேரம் வந்ததும் ஆச்சி இரண்டு கையையும் நீட்டினாள். வலது கையில் கல், இடது கையில் தூள்.

"இது கல்லுப்பு, நான் போடுறது. இது தூளு. இதுன்னா பாதி போதும். மிச்சத்தை ருசி பார்த்துட்டுப் போடுங்க."

நான் கட் பண்ணப் போனேன். "ஏட்டி, இரு" என்றாள் என்னிடம். அப்புறம் கேமராவைப் பார்த்து, "நீங்க யாரும் நிறுத்த வேண்டாம், நானே நிறுத்திக் காட்டுதேன்."

குழம்பு தளபுளவென்று கொதித்துத் தெறித்தது. ஆச்சி கையை எடுக்கவில்லை.