நான்கு கிளைகளின் லீவு விதிகள்: ஒரே அட்டவணையில் சேர்ப்பும் சரண்டரும்

அண்ணாச்சிக்கு வணக்கம்.

ஜனவரியில் நான்கு கடைக்கும் ஒரே சம்பள மென்பொருள் வருவதால், லீவு விதிகளை ஒரே தாளில் கேட்டிருந்தீர்கள். நாகர்கோவிலில் 14 பக்க அச்சுப் புத்தகம், மார்த்தாண்டத்தில் தட்டச்சு செய்த விதித்தாள், தக்கலையில் இரண்டு பக்கச் சுற்றறிக்கை, குளச்சலில் மேனேஜரின் நோட்டு. எல்லாவற்றையும் வரி வரியாகப் படித்து எடுத்தது கீழே. எழுத்தில் உள்ளதை மட்டுமே போட்டிருக்கிறேன். வாய்மொழி வழக்கம் எதையும் சேர்க்கவில்லை.

| கிளை | லீவு ஆண்டு | ஈ.எல். / சி.எல். / எஸ்.எல். | ஈ.எல். சேர்ப்பு | ஆண்டு சரண்டர் | வேலை விடும்போது | ஒரு நாள் கூலி |
|---|---|---|---|---|---|---|
| நாகர்கோவில் | ஜன.–டிச. | 15 / 12 / 12 | பழைய மிச்சம் 45 வரை, புது 15 தனி | 30-க்கு மேல் உள்ளதில் 10 நாள் வரை | 45 நாள் வரை | (அடிப்படை + டி.ஏ.) ÷ 26 |
| மார்த்தாண்டம் | ஏப்.–மார்ச் | 12 / 12 / 12 | புதியதும் சேர்த்து 24. மீதி காலாவதி | இல்லை | முழு மிச்சம் | மொத்தச் சம்பளம் ÷ 30 |
| தக்கலை | ஜன.–டிச. | பிரிவில்லாமல் 30 | இல்லை | டிச. 31-இல் மிச்சம் முழுவதும் | அன்றைய மிச்சம் | அடிப்படை ÷ 30 |
| குளச்சல் | ஜன.–டிச. | 12 / 10 / 12 | “மேனேஜர் அனுமதித்தால்” | எழுதவில்லை | எழுதவில்லை | எழுதவில்லை |

சி.எல்., எஸ்.எல். இரண்டுக்கும் எந்தக் கிளையிலும் சேர்ப்போ சரண்டரோ எழுதப்படவில்லை. தேசிய, பண்டிகை விடுமுறை 9 நாளும் இந்தக் கணக்கில் வராது.

சேர்ப்புக் கட்டத்தை நிதானமாகப் பாருங்கள். மார்த்தாண்டத்துக்கு முதலில் நானும் வெறுமனே ‘24’ என்றுதான் எழுதினேன். தாளில் உள்ள வாக்கியம் இது: “முந்தைய மிச்சமும் நடப்பு ஆண்டு லீவும் சேர்ந்து 24 நாளுக்கு மிகாமல்.” அப்படியானால் பழையதில் 12 நாள்தான் உண்மையில் தாண்டிப் போகும். நாகர்கோவிலில் 45 என்பது பழையது மட்டும். ஜனவரி 1 அன்று ஒருவர் கணக்கில் 60 நாள்கூட நிற்கலாம். இரண்டையும் வெறும் எண்ணாக மென்பொருளில் ஏற்றினால், மார்த்தாண்டம் ஆட்களுக்கு விதியில் இல்லாத 12 நாள் கூடிவிடும், அல்லது நாகர்கோவில்காரர்களுக்கு 15 நாள் பறிபோகும். அதனால்தான் கட்டத்துக்குள் சொல்லாகவே எழுதினேன்.

கூலியிலும் அப்படித்தான். அடிப்படை 7,800, டி.ஏ. 5,200, இதர படிகள் 2,600, மொத்தம் 15,600 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 10 நாளுக்கு நாகர்கோவில் கணக்கில் 5,000 ரூபாய், மார்த்தாண்டத்தில் 5,200, தக்கலையில் 2,600. 26-ஆல் வகுத்தால் அதிகம் கிடைக்கும் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். எந்தத் தொகையை வகுக்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரே மாதிரி சேலை மடித்து அடுக்கும் இருவருக்கு, கடை தக்கலை என்பதற்காகப் பாதிப் பணம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் சட்டம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 25-இன்படி, 12 மாதம் முடித்தவருக்குச் சம்பளத்துடன் 12 நாள், அதை 24 நாள் வரை சேர்க்கலாம். அது போக நோய்க்கு 12 நாள் வரை, தற்செயலுக்கு 12 நாள் வரை. மொத்தம் 36. தக்கலையின் 30 அதற்குக் குறைவு. சேர்ப்பை அடியோடு மறுப்பதும் நிற்காது. குளச்சலின் சி.எல். 10-ம் குறைவு. இந்த இரண்டையும் அப்படியே மென்பொருளில் ஏற்ற வேண்டாம்.

குளச்சலில் இன்னொன்றும் உண்டு. ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் வியாபாரம் படுப்பதால், அப்போதே ஈ.எல். எடுத்துவிடச் சொல்கிறார்கள். அதனால் டிசம்பரில் மிச்சமே இருப்பதில்லை, சேர்ப்பைப் பற்றி யாரும் கேட்டதும் இல்லை. விதி எழுதாமலே ஓடியதற்கு இதுதான் காரணம். கடைக்கு வசதியான நாளில் லீவு எடுக்க வைத்துவிட்டு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் லீவு இல்லை என்று சொல்ல நேர்கிறது.

கிளை மாறுபவர்களுக்கு எதிலும் ஒரு வரி இல்லை. நாகர்கோவிலில் 38 நாள் சேர்த்த பில் கவுண்டர் பெண் ஏப்ரலில் மார்த்தாண்டம் போகிறார். அங்குள்ள விதிப்படி 26 நாள் காலாவதி ஆகும். அவர் கேட்டு வாங்கிய மாறுதல் அல்ல, நாம் அனுப்புவது. அந்த 38 நாளும் அப்படியே கூடப் போக வேண்டும் என்பது என் பரிந்துரை.

உங்களிடம் கேட்பது மூன்று. நான்கு கிளைக்கும் நாகர்கோவில் விதியையே எடுக்கலாமா? மார்த்தாண்டம்காரர்களின் நாள் கூலி அதனால் குறையாதபடி, அங்குள்ள வகுத்தலையே எல்லோருக்கும் வைக்கலாமா? குளச்சல் மேனேஜர் சேர்ப்பு, சரண்டர் இரண்டையும் எழுத்தில் தர டிசம்பர் 10 வரை நேரம் கொடுக்கலாமா? மூல ஆவணங்களின் நகல்களைப் பக்க எண் குறித்து நீலக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

கணக்குப் பிரிவு, நாகர்கோவில்