பிப்ரவரி 11 புதுமனை புகுவிழா: சமையல் விவரம்

மாஸ்டர் அண்ணா, வணக்கமுங்க. கவுந்தப்பாடியிலிருந்து செந்தில். போன ஞாயிறு கோபியில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசியதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி, ஆளாளுக்கு ஒன்று மாற்றி, ஒருவழியாக முடிவுக்கு வந்துவிட்டோம். வாய்ப்பேச்சில் விட்டுப்போகும் என்பதால் எழுதி அனுப்புகிறேன். பெரிய செய்திதான், பொறுமையாகப் படியுங்கள்.

விசேஷம் 11.02.2027 வியாழக்கிழமை. முகூர்த்தம் காலை 4.30 முதல் 5.45 வரை. ஆறு மணிக்கு எமகண்டம் ஆரம்பித்துவிடும், அதனால் பால் காய்ச்சுவது அதற்குள் முடிந்துவிடும். முந்தின நாள் புதன் இரவு வாஸ்து பூஜை.

ஆள் கணக்கு:
புதன் இரவு 70 பேர்
வியாழன் காலை டிபன் 400 பேர்
வியாழன் மதியச் சாப்பாடு 250 பேர்

காலையில் வருகிறவர்கள் பாதிப் பேர் மில்லுக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள். மொய் எழுதிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, கிளம்பிவிடுவார்கள். 7 முதல் 8.30 வரைதான் நெருக்கடி. மதியத்துக்கு நிற்பது பங்காளிகளும், மாமன் மச்சான் வகையும், வீடு கட்டிய ஆட்களும்தான்.

முதலில் புதன் இரவு. சந்தகையும் அரிசிம்பருப்பு சாதமும் போதும். சந்தகைக்குப் புழுங்கல் அரிசி 5 கிலோ. கடையில் விற்கும் காய்ந்த சேவையை வேக வைத்துப் போடுவது வேண்டாம் அண்ணா. அம்மாயி ஒரு வாய் வைத்ததும் கண்டுபிடித்துவிடும், அப்புறம் விடியும்வரை என்னைத்தான் பேசும். மாவை ஆட்டி, வேக வைத்து, சூட்டோடு பிழிய வேண்டும். எங்கள் வீட்டுச் சந்தகை மரம் ஒன்று இருக்கிறது, உங்களிடம் ஒன்று இருந்தால் எடுத்து வாருங்கள். பிழிய என் மச்சான்கள் இரண்டு பேர் நிற்பார்கள், அதற்கு ஆள் கூலி வேண்டாம். முக்கால் பங்கு வெறுமனே வைத்து, தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் தனியாக. மீதியை எலுமிச்சை போட்டுத் தாளித்துவிடுங்கள். தேங்காய்ப்பாலுக்கு 25 காய். பாலைக் கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் வையுங்கள், திரிந்துவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அரிசிம்பருப்புக்கு அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு ஒன்றே முக்கால் கிலோ. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசாகக் கிடக்க வேண்டும். தொட்டுக்கொள்ளத் தயிர், அப்பளம், எலுமிச்சை ஊறுகாய். எட்டரை மணிக்கு இலை போட்டால் சரியாக இருக்கும்.

பூஜைக்கு வேண்டியது: விடிகாலை 3.30 மணிக்குச் சர்க்கரைப் பொங்கல் தயாராக இருக்க வேண்டும், 2 கிலோ அரிசி. இதைத் தனிப் பாத்திரத்தில், தனி ஆள் குளித்துவிட்டுச் செய்யட்டும்.

அடுப்பு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புது வீட்டுச் சமையலறையில் பால் பொங்கும்வரை ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கக் கூடாது. உங்கள் சமையல் எல்லாம் கிழக்கே உள்ள காலி மனையில். அங்கே 20க்கு 30 அடியில் தகரப் பந்தல் போட்டு, இரண்டு விளக்கும் கிரைண்டருக்குத் தனி லைனும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

இனிக் காலை டிபன், 400 இலை.

இட்லி 1000. தலைக்கு இரண்டரை வருகிறது, சிறியதாக ஊற்றாதீர்கள்.
வெண்பொங்கல்: அரிசி 10 கிலோ, பாசிப்பருப்பு மூன்றரை கிலோ. மிளகை ஒன்றிரண்டாக உடைத்துப் போடுங்கள். முழு மிளகு கடைசியில் இலையோரம்தான் ஒதுங்குகிறது.
உளுந்து வடை 450, அதற்கு உளுந்து 10 கிலோ. பந்திக்குப் பந்தி சுட வேண்டும்.
கேசரி: ரவை 6 கிலோ. கலர்ப் பொடி வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும்.
சாம்பார்: பருப்பு 6 கிலோ, சின்ன வெங்காயம் 10 கிலோ.
தேங்காய்ச் சட்னிக்கு 60 காய், தக்காளிச் சட்னிக்குத் தக்காளி 20 கிலோ.

தோசைக்கல் போடலாமா என்று கேட்டீர்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் எட்டு மணிக்கு ஐம்பது பேர் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், வேண்டாம். தேங்காய்ச் சட்னியை மொத்தமாக ஒரே முறை அரைத்து வைத்துவிடாமல் மூன்று தடவையாக அரையுங்கள். தை கடைசி என்றாலும் ஒன்பது மணிக்கு வெயில் ஏறிவிடும், பந்தலுக்குள் சட்னி தாங்காது. குழந்தைகளுக்குக் காரமில்லாத சாம்பார் ஒரு சின்ன வாளியில் தனியாக எடுத்து வைத்தால் நல்லது.

காபி, டீ 5 மணிக்கே ஆரம்பிக்க வேண்டும். காபி 300, டீ 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் 40 லிட்டர், நாங்களே கறந்து தருகிறோம். சர்க்கரை இல்லாத காபி கேட்கிறவர்கள் இப்போது வீட்டுக்கு இரண்டு பேர், அதற்கு ஒரு கேன் தனியாக இருக்கட்டும்.

மதியம், 250 இலை. இதில்தான் நீங்கள் கொடுத்த மெனுவை நிறைய மாற்றியிருக்கிறோம், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபி மஞ்சூரியன், காளான் பிரியாணி, ஐஸ்கிரீம் மூன்றையும் எடுத்துவிட்டேன். பாயசமும் வேண்டாம், ஒப்பிட்டு இருக்கும்போது இரண்டாவது இனிப்பு இலையிலேயே நின்றுவிடும். அந்தச் செலவை ஒப்பிட்டிலும் நெய்யிலும் போடுங்கள்.

ஒப்பிட்டு 320. கடலைப்பருப்பு 5 கிலோ, நாட்டுச்சர்க்கரை 5 கிலோ. சர்க்கரை நான் வாங்கித் தருகிறேன், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கே எங்கள் ஊர்ச் சர்க்கரைதான் போகிறது, வெளியிலிருந்து எதற்கு? பூரணம் வெளியே தெரியும் அளவுக்கு மேல்மாவு மெல்லிசாக இருக்க வேண்டும். இலையில் வைத்ததும் ஒரு கரண்டி நெய். நெய்க்கு ஊத்துக்குளி வெண்ணெய் சொல்லி வைத்திருக்கிறேன், உருக்கிய நெய் 5 கிலோ உங்கள் கைக்கு வந்துவிடும். சாதத்துக்கும் சேர்த்துத்தான்.

சாதத்துக்கு 26 கிலோ சிப்பம் ஒன்று. இன்னொரு 5 கிலோவைக் களைந்து ஊற வைக்காமல் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் பந்தியைப் பார்த்துவிட்டு உலை வைக்கலாம். கடைந்த பருப்புக்குத் துவரை 4 கிலோ. முருங்கைக்காய் சாம்பாருக்குப் பருப்பு 5 கிலோ. அடுத்து தட்டப்பயிறு கத்திரிக்காய்க் குழம்பு. பயிறு 5 கிலோ, கத்திரிக்காய் 10 கிலோ, பிஞ்சாகப் பார்த்து வாங்குங்கள். இந்தக் குழம்புக்காகவே எங்கள் பெரிய மாமா காங்கயத்திலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரசத்துக்குக் கொள்ளு 4 கிலோ, பூண்டு தாராளமாக.

அவரைக்காய்ப் பொரியல் 20 கிலோ காய், தை மாதம் என்பதால் நல்ல காய் கிடைக்கும். உருளைக்கிழங்கு வறுவல் 20 கிலோ. சுரைக்காய்க் கூட்டு 15 கிலோ. அப்பளம் 500. தயிர் 25 லிட்டர் எங்களுடையது, மோருக்கும் அதிலேயே. மாங்காய் ஊறுகாய் வீட்டில் போட்டது இருக்கிறது. மதியச் சமையலுக்குத் தேங்காய் 25. மூன்று வேளைக்கும் சேர்த்து 120 காய் உரித்து வைத்துவிடுவோம். வாழை இலை 800 தோட்டத்திலிருந்தே வரும்.

தண்ணீர் பற்றி ஒன்று. இங்கே போர் தண்ணீர் உப்பு. அதில் பருப்பு போட்டால் மணிக்கணக்கில் கொதித்தாலும் மசியாது. பாத்திரம் கழுவ மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஆற்றுத் தண்ணீர் லாரி ஒன்று புதன் மதியமே வந்துவிடும். உங்கள் ஆட்களிடம் எந்தக் குழாய் எது என்று நானே காட்டுகிறேன். குடிக்கத் தண்ணீர் கேன் தனி.

பந்திக்கு 80 பேர் உட்காரலாம். டிபனுக்கு முதல் பந்தி 6.30க்கு, சாப்பாட்டுக்கு 12 மணிக்கு. பரிமாற 10 பேர் கட்டாயம் வேண்டும். இலை எடுக்க இரண்டு பேர் அதில் சேராது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இரண்டு வருடம் முன்பு அக்கா வீட்டுப் பால் காய்ப்பில் வேறொருவர் சமையல். முதல் இரண்டு பந்தி பிரமாதம். மூன்றாம் பந்தியில் வடை இல்லை, நான்காம் பந்தியில் சாம்பாரில் வெந்நீரை ஊற்றி நீட்டினார்கள். கடைசியில் உட்கார்ந்தது யாரென்றால், வீடு கட்டிய கொத்தனாரும் சித்தாள்களும். எல்லோரும் சாப்பிடட்டும் என்று ஒதுங்கி நின்றவர்கள் அவர்கள்தான். வெறும் ரசமும் மோருமாகச் சாப்பிட்டு எழுந்து போனார்கள். அக்கா இன்றைக்கும் அந்தக் கொத்தனாரைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

எங்கள் வீட்டில் கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீசியன், பெயிண்டர் என்று 35 பேர், குடும்பத்தோடு வருகிறார்கள். மேஸ்திரிக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு வைத்துக் கொடுத்த பிறகுதான் மதியப் பந்தியே தொடங்கும், முதல் பந்தியில் அவர்களை உட்கார வைப்பது என் பொறுப்பு. ஆனாலும் வேலை ஆட்கள் எப்படியும் கடைசிவரை தள்ளிக்கொண்டே போவார்கள். அதனால் 40 ஒப்பிட்டை ஒரு தூக்குப் போசியில் மூடி, அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். காலையில் 40 வடைக்கான மாவை ஆட்டாமல் வைத்திருங்கள். யார் வந்து கேட்டாலும், நானே கேட்டாலும், எட்டரைக்கு முன்னால் அதைத் தொடக் கூடாது.

அதற்காக அள்ளிக் கொட்டச் சொல்லவில்லை. சாதம் மிஞ்சிக் குழியில் கொட்டினால் அதுவும் எங்களுக்கு ஆகாது. மிஞ்சுவதை இரண்டரை மணிக்குள் சொல்லிவிட்டால், அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட 15 போசி தயாராக வைத்திருப்போம்.

கணக்கு: இரவு இலைக்கு 110 வீதம் 7,700. டிபன் 120 வீதம் 48,000. சாப்பாடு 200 வீதம் 50,000. மொத்தம் 1,05,700 ரூபாய். தேங்காய், இலை, பால், தயிர், நெய், நாட்டுச்சர்க்கரை எங்களுடையது என்று கழித்துத்தான் இந்த விலை பேசினோம். காய்கறி, மளிகை, கேஸ், பாத்திர வாடகை, ஆள் கூலி, வண்டி எல்லாம் உங்களுடையது. முன்பணம் 25,000 கொடுத்தாயிற்று, மீதி 80,700 வியாழன் மாலை நீங்கள் வண்டி ஏறும்போது. இலை கூடினால் அதே விலை. எண்ணுவதற்கு உங்கள் ஆள் ஒருவர், எங்கள் பங்காளி ஒருவர் சேர்ந்து நிற்கட்டும்.

பிப்ரவரி 8 திங்கள் இரவுக்குள் கடைசி எண்ணிக்கை சொல்லிவிடுகிறேன். 20, 30 பேர் கூடலாம், குறையாது. நீங்கள் புதன் மதியம் 2 மணிக்கு வந்தால் சரியாக இருக்கும். சத்தி ரோட்டிலிருந்து திரும்பும் இடத்தில் தம்பி பைக்கில் நிற்பான்.

தட்டப்பயிறு அளவும் சந்தகை அரிசி அளவும் உங்களுக்குச் சரிப்படுகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாயி சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன், அது படிக் கணக்கில் சொன்னது, கிலோவாக மாற்றியது நான்.